சர்க்கரைச் சரிவில் பிரியும் செல் உறுப்புகள்

எலியின் கல்லீரல் செல் ஒன்றுக்குள் தனித்தனி வேலை பார்க்கும் நுண்ணுறுப்புகள் பல இருக்கின்றன. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுப்பவை மைட்டோகாண்ட்ரியா. தேய்ந்த புரதங்களையும் வெளியிலிருந்து வந்த பொருள்களையும் செரிப்பவை லைசோசோம்கள். நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைத்து, அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அங்கேயே அழிப்பவை பெராக்சிசோம்கள். ஒரு நுண்ணுறுப்பில் எந்த நொதி இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று சோதனைக் குழாயில் ஆராய வேண்டுமானால், அதை மற்றவற்றிலிருந்து உடையாமல் பிரித்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், மேற்சொன்ன மூன்றும் அளவில் ஏறக்குறைய ஒரே ரகம். மைட்டோகாண்ட்ரியா ஒரு மைக்ரான் வரை வரும்; மற்ற இரண்டும் பெரும்பாலும் அதில் பாதி. வடிகட்டியால் பிரிக்க முடியாது. சாதாரணமாகச் சுழற்றிப் படிய வைத்தாலும் மூன்றும் கலந்தே அடியில் சேரும். ஆனால் அடர்த்தியில் அவற்றுக்குள் சிறு வேறுபாடு உண்டு. சர்க்கரைக் கரைசலில் அளந்தால் மைட்டோகாண்ட்ரியா ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 1.19 கிராம், லைசோசோம் 1.21, பெராக்சிசோம் 1.24 என்று வரும். இந்த நூலிழை வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும் பட்டைகளாக விரித்துக் காட்டுவதே சுக்ரோஸ் அடர்த்திச் சரிவு முறை.

செல்லை அரைத்துச் சுழற்றிப் பிரிக்கும் வழக்கம் 1940களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கிளாடின் கையில் உருப்பெற்றது. மெதுவாகச் சுழற்றினால் முதலில் உட்கருக்கள் படியும். மேலே நிற்கும் நீரை எடுத்து இன்னும் வேகமாகச் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா படியும். மேலும் வேகம் கூட்டினால் உடைந்த சவ்வுத் துணுக்குகள் படியும். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் இன்சுலினைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆசிட் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி இந்தப் பங்கீட்டில் விநோதமாக நடந்துகொண்டது. புதிதாக அரைத்த கல்லீரலில் அதன் செயல்பாடு குறைவாக இருந்தது. சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த பிறகு பல மடங்கு கூடியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை பழசாகி உடையும்போது வெளியே வருகிறது என்று டி டூவ் முடிவு செய்தார். அந்தப் பைக்கு 1955இல் லைசோசோம் என்று பெயர் வந்தது. அதே ஆய்வில் யூரேட் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியும் லைசோசோமுடன் சேர்ந்தே படிந்தது. ஆனால் பழசாக்கினாலும் அது லைசோசோம் நொதிகளைப் போல நடந்துகொள்ளவில்லை. வேறொரு பை இருக்கிறது என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேகத்தை மாற்றிப் பார்ப்பது போதவில்லை. அடர்த்திச் சரிவுதான் அவற்றைப் பிரித்துக் காட்டியது. அந்த இரண்டாவது பைதான் பெராக்சிசோம். கிளாடும் டி டூவும், அவர்களுடன் ஜார்ஜ் பலாடியும் 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முறையின் அடிப்படை எளியது. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டும் வழக்கம் தமிழ்நாட்டு உழவர்களிடம் உண்டு. பதர் மிதக்கும், மணி பிடித்த நெல் மூழ்கும். அங்கே ஒரே அடர்த்தியுள்ள ஒரே கரைசல். அதனால் இரண்டே கூட்டங்கள். குழாயின் மேலே சர்க்கரை குறைவாகவும் அடியில் போகப் போக அதிகமாகவும் இருக்கும்படி செய்துவிட்டால், கூட்டங்கள் இரண்டோடு நிற்கமாட்டா. கீழே இறங்கும் துகள் ஒவ்வொன்றும் தன் அடர்த்தியும் கரைசலின் அடர்த்தியும் சமமாகும் மட்டத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே தள்ளினால் மிதந்து மேலே வரும். மேலே தூக்கினால் மூழ்கும். அங்கே வந்து சேர்ந்தபின் எத்தனை மணி நேரம் சுழற்றினாலும் அதன் இடம் மாறாது. இது சமநிலைப் பிரிப்பு. துகள்கள் சமநிலையை எட்டும் முன்பே நிறுத்தி, இறங்கும் வேகத்தை வைத்துப் பிரிப்பது இன்னொரு வகை. மைரன் பிராக்கி என்ற அமெரிக்கர் 1951இல் உருளைக்கிழங்கு வைரஸ் ஒன்றைச் சுத்தம் செய்யச் சர்க்கரைச் சரிவைப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரையிலிருந்து இரண்டும் பரவின. வேகத்தால் பிரிப்பது ரைபோசோம், வைரஸ் போன்றவற்றுக்குப் பொருந்தும். கல்லீரலின் மூன்று உறுப்புகளுக்கும் வேண்டியது சமநிலைதான்.

ஈர்ப்பு விசை மட்டும் போதாதா என்றால், போதாது. அரை மைக்ரான் துகள் பாகு போன்ற கரைசலில் தானாக இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் சரிவே கலைந்து ஒன்றாகிவிடும். ஆகவே ஈர்ப்பைப் போல 80,000, 1,00,000 மடங்கு விசை தரும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் தேவை. அந்த வேகத்தில் காற்றின் உராய்வே ரோட்டரைச் சுட வைத்துவிடும் என்பதால், சுழலும் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய பின்பே எந்திரம் முழு வேகத்தைத் தொடும்.

வேலை முந்திய இரவே தொடங்குகிறது. எலிக்கு அன்று இரவு தீனி கொடுப்பதில்லை. தின்ற எலியின் கல்லீரலில் கிளைக்கோஜன் மணிகள் நிறைந்திருக்கும். அவை கனமானவை, மற்றவற்றோடு சேர்ந்து இறங்கிப் பட்டைகளைக் குழப்பும். மறுநாள் கல்லீரலைப் பனிக்கட்டியில் வைத்த 0.25 மோலார் சுக்ரோஸ் கரைசலில் நறுக்கிப் போட்டு, கண்ணாடிக் குழாயும் டெஃப்லான் உலக்கையும் கொண்ட ஹோமோஜினைசரில் அரைப்பார்கள். 0.25 மோலார் என்பது செல்லுக்குள் இருக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். அதில் நுண்ணுறுப்புகள் வீங்கவும் மாட்டா, சுருங்கவும் மாட்டா. பிஎச் 7.4இல் நிறுத்தச் சிறிது பஃபர், உலோக அயனிகளைப் பிடித்துவைக்க 1 மில்லிமோலார் ஈடிடிஏ, பெராக்சிசோமின் கேட்டலேஸ் நொதி செயலிழக்காமலிருக்க 0.1 சதவீதம் எத்தனால் ஆகியவையும் அதில் இருக்கும். உலக்கையை எத்தனை முறை ஏற்றி இறக்குவது என்பதில் பேராசை கூடாது. கூடுதலாக அரைத்தால் செல்கள் இன்னும் கொஞ்சம் உடையும். கூடவே பெராக்சிசோம்களும் உடையும். இந்த வேலையில் கடைசியில் கிடைக்கும் பட்டைகளின் தரம் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

அரைத்த கூழை நேரே சரிவின்மீது ஊற்றினால் உட்கருக்களும் உடையாத செல்களும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் முதலில் 600 ஜி விசையில் பத்து நிமிடம் சுழற்றிக் கழிவையும், பிறகு 3,000 ஜி அளவில் பெரிய மைட்டோகாண்ட்ரியாவையும் ஒதுக்கிவிட்டு, மேல்நீரை 20,000 ஜி அளவில் சுழற்றுவார்கள். அப்போது அடியில் சேர்வதுதான் டி டூவ் குழுவினர் எல் பங்கு என்று பெயரிட்டது. லைசோசோமும் பெராக்சிசோமும் இதில் செறிவாக இருக்கும். சிறிய மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே இருக்கும். இந்தப் படிவை 2 மி.லி. கரைசலில் மெல்லக் கலக்கி எடுப்பதும் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. கட்டி கட்டியாக விட்டால், ஒட்டிக்கொண்ட துகள்கள் கூட்டாகவே இறங்கி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மட்டத்தில் நிற்கும்.

அடுத்தது சரிவு. அடியில் 55 சதவீதம், மேலே 20 சதவீதம் என்று இரண்டு சுக்ரோஸ் கரைசல்கள் தேவை. இந்தச் சதவீதம் எடைக்கு எடை: 55 கிராம் சர்க்கரை, 45 கிராம் பஃபர். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 55 கிராம் சர்க்கரையைப் போட்டு 100 மி.லி. கோடு வரை பஃபரை ஊற்றினாலும் அதையும் 55 சதவீதம் என்றே எழுதுவார்கள். உண்மையில் அது எடைக் கணக்கில் 46 சதவீதத்தைக்கூட எட்டாது. முதல் கரைசலின் அடர்த்தி 1.257, இரண்டாவது 1.206தான். 1.24 அடர்த்தியுள்ள பெராக்சிசோமுக்கு அந்த இரண்டாவது குழாயில் நிற்க இடமே இல்லை. நேரே அடியில் போய் வில்லையாக ஒட்டிக்கொள்ளும். லைசோசோமிலும் ஒரு பகுதி கூடவே போகும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் ஒழுங்காகப் பட்டை கட்டியிருக்கும், அதுவும் எதிர்பார்த்ததைவிடக் கீழே. சோதனை நன்றாக நடந்தது போலவே தோற்றம் தரும் தவறு இது. கேட்டலேஸ் அளந்து பார்த்து, அது சரிவில் எங்குமே காணோம், அடி வில்லையில் கிடக்கிறது என்று தெரியும்போதுதான் விஷயம் வெளிவரும். குழாயில் ஊற்றும் முன்பே கரைசலின் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் இந்த நாள் வீணாகாது. 20 டிகிரி செல்சியஸில் 20 சதவீதக் கரைசலின் ஒளிவிலகல் எண் 1.364, 40 சதவீதத்துக்கு 1.400, 50 சதவீதத்துக்கு 1.420. சர்க்கரையும் கடைச் சர்க்கரையாக இருக்கக் கூடாது. நொதிகளைக் கெடுக்கும் உலோகங்களும் பிற மாசுகளும் நீக்கிய, ஆய்வகத் தரமானது வேண்டும்.

இரண்டு கரைசல்களிலிருந்து சீரான சரிவை உண்டாக்கும் கருவி மிக எளியது. பக்கத்தில் பக்கமாக ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள். அடியில் அவற்றை இணைக்கும் ஒரு துளை, துளைக்கு ஒரு வால்வு. ஒரு கிண்ணத்திலிருந்து மட்டும் வெளியே போகும் குழாய் உண்டு. அதில் ஒரு சிறு காந்தக் கலக்கி சுழலும். 38 மி.லி. கொள்ளும் சுழற்சிக் குழாய்க்கு, வெளியேறும் கிண்ணத்தில் 17 மி.லி. கனக் கரைசல், மற்றதில் 17 மி.லி. இலேசான கரைசல். வால்வைத் திறந்து வெளிக்குழாயையும் திறந்தால், கனக் கரைசல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்ப இலேசான கரைசல் உள்ளே வந்து கலக்கும். வெளியே வருவது நொடிக்கு நொடி இலேசாகிக்கொண்டே போகும். அது சுழற்சிக் குழாயின் சுவரோரமாக வழிந்து இறங்க வேண்டும். முன்னே வந்த கனமானது அடியில் இருக்க, பின்னே வரும் இலேசானது அதன்மேல் அமர்ந்துகொண்டே போகும். நீண்ட ஊசி வழியாகக் குழாயின் அடியில் விடுவதானால் எல்லாம் தலைகீழ்: வெளியேறும் கிண்ணத்தில் இலேசானதை வைக்க வேண்டும், பின்னால் வரும் கனமானது முன்னால் வந்ததை மேலே தூக்கிக்கொண்டு போகும். வால்வைத் திறந்தவுடன் சில நேரம் கனக் கரைசல் எதிர்ப்பக்கம் கிண்ணத்துக்குள் நூலாக ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். ஒரே உயரத்தில் நின்றாலும் கனமான பக்கம் துளையில் அதிகம் அழுத்துவதால் இது நடக்கிறது. இலேசான பக்கத்தில் மட்டத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் நின்றுவிடும்.

கருவி இல்லாத ஆய்வகங்களில் கையாலேயே அடுக்குவார்கள். 55, 48, 41, 34, 27, 20 சதவீதம் என்று ஆறு கரைசல்கள் தயாரித்து, கனமானதை முதலில் விட்டு, ஒவ்வொன்றாக மேலே சேர்ப்பார்கள். குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட்டின் நுனியை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் தொட்டுவைத்து, கரைசலைச் சொட்டவிடாமல் வழியவிட வேண்டும். சரியாக அமைந்தால், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு எல்லையும் மெல்லிய கண்ணாடிக் கோடு போலத் தெரியும். வேகமாக விட்டால் கோட்டுக்குப் பதில் புகை மாதிரி அலை அலையாகக் கலங்கும். அந்தக் குழாயை அப்போதே கொட்டிவிடுவது நல்லது. அடுக்கியதைக் குளிர் அறையில் ஓர் இரவு அசையாமல் நிறுத்திவைத்தால் சர்க்கரை மூலக்கூறுகள் தாமாகப் பரவி, படிக்கட்டுகள் கரைந்து சரிவாகிவிடும். அவசரமானால் குழாயின் வாயை இறுக மூடி மெதுவாகப் படுக்க வைக்கலாம். பரப்பு அகன்று, பரவ வேண்டிய தூரம் குறைவதால் இரண்டு மூன்று மணி நேரமே போதும். அடுக்குகளைப் பரவவிடாமல் அப்படியே சுழற்றுவோரும் உண்டு. அப்போது துகள்கள் எல்லைக்கோடுகளில் குவிந்து கூர்மையான பட்டைகள் தரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 41க்கும் 48க்கும் இடைப்பட்ட அடர்த்தி எதுவானாலும் அந்தக் கோட்டில்தான் நிற்கும் என்பதால், அந்தக் கூர்மையை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

சரிவின்மேல் 2 மி.லி. மாதிரியை அதே முறையில் வழியவிட்டு, குழாயின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை பஃபரால் நிரப்புகிறார்கள். மெல்லிய சுவருள்ள குழாயில் மேலே வெற்றிடம் விட்டால், சுழலும்போது அது உள்நோக்கி மடங்கி நொறுங்கும். மாதிரியில் துகள்கள் அதிகமாகக் குவிந்திருந்தாலும் கெடுதல்: மாதிரி அடுக்கு அதன் அடியிலுள்ள 20 சதவீதக் கரைசலைவிடக் கனமாகிவிட்டால், சுழற்றத் தொடங்கும் முன்பே விழுது விழுதாகக் கீழே இறங்கும்.

குழாய்கள் ஸ்விங்கிங் பக்கெட் ரோட்டரின் வாளிகளுக்குள் போகின்றன. நிற்கும்போது வாளிகள் செங்குத்தாகத் தொங்கும்; சுழலும்போது கிடையாக விரியும். குழாயின் நீளத்திலேயே விசை செயல்படுவதால் சரிவு குலையாது. எதிரெதிர் வாளிகளின் எடை பத்தில் ஒரு கிராமுக்குள் ஒத்திருக்க வேண்டும். எடை மட்டும் ஒத்தால் போதாது, எதிரே இருக்கும் குழாயிலும் அதே சரிவு இருக்க வேண்டும். தண்ணீரை ஊற்றி எடையைச் சரிக்கட்டினால் கனம் குழாயின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது மாறிப்போய் ரோட்டர் ஆடும். மாதிரி இல்லாத வெறும் சரிவை எதிரே வைப்பது இரட்டை லாபம்: சமன் செய்ததும் ஆயிற்று, பின்னால் அளவீடுகளில் சர்க்கரை செய்யும் குறுக்கீட்டைக் கழிக்க ஒப்பீட்டுக் குழாயும் கிடைத்துவிடுகிறது. ஆறு வாளி ரோட்டரில் இரண்டே குழாய்கள் இருந்தாலும் ஆறு வாளிகளையும் மாட்டியே ஆக வேண்டும்.

நிமிடத்துக்கு 25,000 சுற்று, நான்கு டிகிரி குளிர், நான்கு மணி நேரம். இத்தகைய ரோட்டரில் இது குழாயின் நடுவில் சுமார் 80,000 ஜி, அடியில் 1,10,000 ஜி. மூன்று உறுப்புகளும் தத்தம் மட்டத்தை எட்ட அது தாராளம். கூடவே வந்த மைக்ரோசோம் என்னும் சிறு சவ்வுத் துணுக்குகளுக்கு அது போதாது. இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பத்தில் ஒரு மைக்ரான் துணுக்கு அரை மைக்ரான் துகளைவிட 25 மடங்கு மெதுவாக நகரும். அது இன்னும் வழியிலேயே இருக்கும்போது எந்திரம் நின்றுவிடும். ஆகவே மேல்பகுதியில் கிடக்கும் அதன் இடத்தை அதன் அடர்த்தி என்று எழுதிவிடக் கூடாது. எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் வேகம் மெதுவாக மாற வேண்டும். கடைசிச் சில நூறு சுற்றுகளில் பிரேக்கை நிறுத்தி வைப்பார்கள். வாளி கிடையிலிருந்து செங்குத்துக்குத் திரும்பும் அந்த நேரத்தில் ஒரு குலுக்கல், நான்கு மணி நேர வேலையைக் கலக்கிவிடும்.

குழாயை வெளியே எடுத்துக் கறுப்புக் காகிதத்தின் முன் பிடித்தால் பால்வெள்ளையும் பழுப்புமாகப் பட்டைகள் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஊசியால் குத்தி உறிஞ்சி எடுக்கலாம். ஆனால் எது எங்கே எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், குழாய் முழுவதையும் வரிசையாகச் சிறு பங்குகளாகப் பிரித்தெடுக்க வேண்டும். 36 மி.லி.யை 1.5 மி.லி. வீதம் எடுத்தால் 24 பங்குகள்.

பழைய வழி, குழாயின் அடியில் ஊசியால் துளையிட்டுச் சொட்டச் சொட்டப் பிடிப்பது. முதல் சொட்டு மிகக் கனமானது, கடைசிச் சொட்டு மிக இலேசானது. வரிசை கலையாது என்பதே இதன் பலம். ஆனால் சொட்டுகளை எண்ணிப் பங்கு பிரிப்பவர்கள் ஏமாறுவார்கள். அடியிலிருந்து வரும் பாகின் சொட்டும் மேலிருந்து வரும் நீர்த்த கரைசலின் சொட்டும் ஒரே அளவு அல்ல; முப்பது சொட்டு என்பது தொடக்கத்தில் ஒரு கன அளவு, முடிவில் இன்னொன்று. பங்குகளைப் பிடிக்கும் குழல்களை முன்கூட்டி எடைபோட்டு வைத்து, பிடித்தபின் மறுபடி எடைபோட்டு, அடர்த்தியால் வகுத்தால் சரியான கன அளவு கிடைக்கும். அடியில் வில்லை படிந்திருந்தால் ஊசி அதில் அடைபடும் அல்லது அதைக் கரைத்து முதல் பங்கில் சேர்த்துவிடும் என்பது இன்னொரு குறை. எந்தக் கருவியும் இல்லாதவர்கள் மேலிருந்து பிப்பெட்டால் எடுக்கிறார்கள். நுனி எப்போதும் நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனாலும் அடுத்த பங்குக்கு உரியது முந்தியதில் ஏறிவிடும். பொறுமையுள்ள கைக்கு இது நன்றாகவே வரும். மூன்றாவது வழியில், குழாயின் அடிக்கு ஒரு மெல்லிய குழல் வழியே 65 சதவீதச் சர்க்கரைப் பாகைச் சிறு பம்பால் ஏற்றுவார்கள். சரிவு முழுவதும் அப்படியே மேலே உயர்ந்து, புனல் வடிவ மூடி வழியாக வெளியே வரும். அகலமான குழாயிலிருந்து குறுகிய வாய்க்குள் நுழையும்போது பட்டை கலையாமலிருக்கவே அந்தப் புனல் வடிவம்.

ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டருக்குப் போகிறது. எண்ணை வரைபடத்தில் குறித்தால், பங்கு எண் கூடக் கூட அடர்த்தி நேர்க்கோடாக இறங்க வேண்டும். இடையில் படிக்கட்டு தெரிந்தால் சரிவு சரியாக அமையவில்லை; முடிவில் தட்டையானால் ஏதோ ஓரிடத்தில் கலங்கியிருக்கிறது. அடுத்து நொதிகள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு சைட்டோகுரோம் ஆக்சிடேஸ், லைசோசோமுக்கு ஆசிட் பாஸ்ஃபட்டேஸ், பெராக்சிசோமுக்கு கேட்டலேஸ், மைக்ரோசோமுக்கு குளுக்கோஸ்-6-பாஸ்ஃபட்டேஸ். ஒவ்வொன்றும் ஒரே ஓர் உறுப்பின் முகவரி. மேலே சொன்ன சரிவில் கணக்கிட்டால், பெராக்சிசோமுக்கு இணையான 52 சதவீதம் அடியிலிருந்து 3 மி.லி. உயரத்தில் வரும், அதாவது இரண்டாவது, மூன்றாவது பங்குகள். லைசோசோமின் 46 சதவீதம் ஆறாவது பங்கில். மைட்டோகாண்ட்ரியாவின் 43 சதவீதம் எட்டாவது, ஒன்பதாவது பங்குகளில். பங்குகளின் நொதி அளவுகளைக் கூட்டினால், சரிவின்மேல் ஏற்றிய மாதிரியில் இருந்த அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 100 அலகு ஏற்றி 60 அலகு மட்டும் திரும்பினால், மீதி குழாயின் சுவரிலோ அடி வில்லையிலோ இருக்கலாம், அல்லது நொதி வழியில் கெட்டிருக்கலாம். அந்த 40க்கு விடை தெரியாமல் உச்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கேட்டலேஸின் வரைபடத்தில் பெரும்பாலும் இரண்டு உச்சிகள் வரும்: ஒன்று எதிர்பார்த்தபடி அடியருகில், மற்றது குழாயின் உச்சியில், மாதிரி ஊற்றிய இடத்திலேயே. இரண்டு வகைப் பெராக்சிசோம்கள் இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. பெராக்சிசோமின் சவ்வு எளிதில் கிழியும். அரைக்கும்போது கிழிந்தவற்றிலிருந்து கரையும் புரதமான கேட்டலேஸ் கசிந்துவிடுகிறது. தனிப் புரத மூலக்கூறு மிகச் சிறியது; நான்கு மணி நேரத்தில் அது இறங்குவதே இல்லை. யூரேட் ஆக்சிடேஸோ எலியின் பெராக்சிசோமுக்குள் படிகக் கருவாக உறைந்திருப்பது. உறை கிழிந்தாலும் அது கரையாமல் அடிக்கே போகும். ஆகவே இரண்டையும் சேர்த்து அளந்து, கேட்டலேஸ் மட்டும் மேலே நின்றால், எத்தனை பங்கு உடைந்தது என்பதை நேரடியாகக் கணக்கிடலாம். அடுத்த முறை உலக்கையை எப்படிப் பிடிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

சர்க்கரை நடுநிலையான சாட்சி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 40 சதவீதக் கரைசல் 1.37 மோலார், தொடக்கத்தில் இருந்த 0.25 மோலாரைப் போல ஐந்து மடங்குக்கு மேல். சர்க்கரையை உள்ளே விடாத சவ்வுள்ள உறுப்பு கீழே இறங்க இறங்க நீரை இழந்து சுருங்கி, கனம் கூடிக்கொண்டே போகும். பெராக்சிசோமின் சவ்வு சர்க்கரையை உள்ளே விடுகிறது. அதனால் உள்ளிருக்கும் நீரின் இடத்தில் பாகு நிறைந்து அதுவும் கனக்கிறது. 1.19, 1.24 என்ற எண்கள் உயிருள்ள செல்லில் அந்த உறுப்புகளின் அடர்த்தி அல்ல; சர்க்கரைச் சரிவில் அவை எடுக்கும் அடர்த்தி. பிரித்தபின்பும் ஆபத்து தீரவில்லை. அடர்ந்த பங்கில் ஒரேயடியாகப் பஃபரைக் கொட்டினால், சுருங்கிய உறுப்புகளுக்குள் நீர் பாய்ந்து வெடிக்கும். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத்தான் நீர்த்தாக்க வேண்டும்.

வேகமும் சும்மா விடுவதில்லை. 25,000 சுற்றில் அந்த உயரமான குழாயின் அடியில், மேலே நிற்கும் திரவத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 800 மடங்கு என்று கணக்கு வருகிறது. அதிக வேகத்தில் சுழற்றிய சர்க்கரைச் சரிவுகளில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு சேதமாவதை ராபர்ட் வாட்டியோவின் குழு பெல்ஜியத்தில் காட்டியது. சீக்கிரம் முடிக்கலாம் என்று வேகத்தை ஏற்றுவதைவிட, குறைந்த வேகத்தில் நேரத்தை நீட்டுவது இந்த வேலைக்கு உகந்தது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் லைசோசோமும் மைட்டோகாண்ட்ரியாவும் முழுதாகப் பிரிவதில்லை. 1.19க்கும் 1.21க்கும் இடையில் உள்ள இடைவெளி குறுகியது. லைசோசோம்களோ எதைத் தின்றிருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒன்றுக்கொன்று அடர்த்தியில் வேறுபடுபவை. ஆறாவது பங்கின் லைசோசோம் பட்டைக்குள் எட்டாவது பங்கின் வால் எப்போதும் நீளும். சரிவை எவ்வளவு மென்மையாக அமைத்தாலும் தீராத இந்தச் சிக்கலைத் தீர்க்க, டி டூவ் வட்டாரத்தில் எலியையே மாற்றினார்கள். டிரைட்டன் டபிள்யூஆர்-1339 என்ற சவர்க்காரப் பொருளை மூன்று நான்கு நாள் முன்பே எலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், கல்லீரலின் லைசோசோம்கள் அதை விழுங்கி, செரிக்க முடியாமல் உள்ளேயே சேர்த்து வைக்கும். அவற்றின் அடர்த்தி 1.21இலிருந்து 1.12க்கு அருகில் இறங்கிவிடும். அதே சரிவில் சுழற்றினால் அவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெகு மேலே, தனியாக நிற்கும்; கீழே மைட்டோகாண்ட்ரியாவும் அதற்கும் கீழே பெராக்சிசோமும் லைசோசோம் கலப்பின்றிக் கிடைக்கும். இந்த வழியில் மூன்றையும் பெரிய அளவில் பிரித்தெடுத்த விவரத்தை லைட்டன், டி டூவ் முதலியோர் 1968இல் வெளியிட்டார்கள். பெராக்சிசோமின் வேதியியல் வெளிச்சத்துக்கு வந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. பெராக்சிசோமும் மைட்டோகாண்ட்ரியாவும் வேண்டுபவருக்கு இது அருமையான வழி. லைசோசோமை ஆராய வருபவருக்குக் கிடைப்பதோ வயிறு முட்ட டிரைட்டன் தின்ற லைசோசோம். இயல்பான லைசோசோம் வேண்டுமென்றால் சர்க்கரையை விட்டு, நீரை இழுக்காத பெர்கால், அயோடிக்சனால் போன்ற ஊடகங்களில் சரிவு அமைக்க வேண்டியிருக்கும்.